கப்பலில் ஒரு பாய் இடம்

பினாங்குச் சூலியா தெருவில் காஜா மொய்தீன் ராவுத்தரின் பயணிகள் விடுதியில் கணக்கராக இருந்த சீனி முகம்மது, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருஷம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

முதலாளி ராவுத்தர் வருஷத்தில் பாதி நாள் கடல் தாண்டிச் சொந்த ஊரில்தான் இருப்பார். போகும்போது ஒரே ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்கிற பணம் கணக்கர் சம்பளத்திலிருந்து போகும். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் சீனி முகம்மது கொடுத்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குச் சமையல் வரும். இவருக்கு இது வந்தது.

விடுதியின் தொழில் இதுதான். நாகப்பட்டினக் கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புறப்படும். தோட்டத்துச் சனங்கள் பெட்டி, மூட்டை, பிள்ளை குட்டியோடு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பினாங்கு வந்து சேருவார்கள். அவர்களுக்குப் படுக்க இடம், இரண்டு வேளைச் சோறு, டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, பெட்டியைச் சம்பான் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவது, எல்லாம் விடுதி பொறுப்பு. எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை, எல்லாம் ஒரே சீட்டில் எழுதியிருக்கும்.

அதில் விலை உயர்ந்தது பாய் இடம். மேல்தட்டு டிக்கெட் எடுத்தவனுக்குக் கப்பல்காரன் மேல்தட்டைத்தான் காட்டுவான். அதில் எங்கே படுப்பது என்பது அவனவன் சாமர்த்தியம். நடுக்கப்பலில், கூடாரத் துணிக்குக் கீழே இடம் கிடைத்தால் ஆறு நாளும் வெயிலும் மழையும் படாமல் போய்ச் சேரலாம். கிடைக்காதவன் முன்பக்கத்தில் அலை தெறிக்கிற இடத்திலோ, கக்கூஸ் வாசலிலோ சுருண்டு கிடக்க வேண்டும். அதனால் விடுதி ஆள் பஷீர், கப்பல் நாளன்று விடிந்ததும் முதல் சம்பானில் ஏறிப்போய், சிவப்புக் கரை போட்ட பாய்களை நல்ல இடத்தில் விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுக் காவல் இருப்பான். பயணி வந்து சீட்டைக் காட்டியதும் பாயை ஒப்படைப்பான். ஒரு பாய் இடம் ஐந்து வெள்ளி.

சண்டைக்கு வருகிறவனைச் சீனி முகம்மது முதலில் உட்கார வைப்பார். நின்றுகொண்டிருக்கிறவனுக்குத்தான் குரல் ஏறும். பிறகு தேநீர். அவன் சொல்வதை முழுக்கக் கேட்பார், ஒரு வார்த்தை மறுக்க மாட்டார். சொல்லி முடித்து அவனுக்கே மூச்சு வாங்கும்போது, பழைய சீட்டின் நகலை எடுத்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பார். "மூணு ராத்திரி படுத்தீங்க, சரிதானே? ஆறு வேளை சாப்பிட்டீங்க, சரிதானே? பெட்டி கப்பலுக்குப் போச்சு, சரிதானே?" வந்தவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று சொல்லியே ஆகவேண்டும். நாலு தடவை ஆமாம் சொன்னவனுக்கு ஐந்தாவது தடவை இல்லை என்று கத்துவதற்குத் தொண்டை வராது.

அதற்கும் மசியாதவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, படித்தவர்கள். டத்தோ கிராமாட்டில் குடியிருந்த திருநாவுக்கரசு என்ற, துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி ஒருநாள் வந்து, தன் மாமியாரின் பெட்டி நனைந்து ஏழு பட்டுச் சேலைகள் சாயம் போய்விட்டன, சம்பான் கூலியைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கோர்ட்டில் பார்க்கலாம் என்று குடையை மேசைமேல் வைத்தார். இந்த மாதிரி ஆளிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சீனி முகம்மதுக்குத் தெரியும். எழுந்து நின்றார். தப்பு விடுதி பேரில்தான் என்றார். அடுத்த தடவை மாமியார் வரும்போது பாய் இடமும் சம்பானும் இலவசம் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்து, 'இதோடு எனக்கு வேறு கேள்வி இல்லை' என்ற வரிக்குக் கீழே கிராணியின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். திருநாவுக்கரசு ஜெயித்த முகத்தோடு போனார். மாமியாருக்கு வயசு எழுபத்தி நாலு, அடுத்த தடவை என்று ஒன்று வரப்போவதில்லை என்பதைச் சீட்டு எழுதும்போதே சீனி முகம்மது யோசித்திருந்தார்.

இன்னொரு சாதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இவர்களுக்குக் கோர்ட்டு தெரியாது, ஆனால் நியாயம் தங்கள் பக்கம் என்பது தெரியும், அதனால் லேசில் எழுந்து போகமாட்டார்கள். இவர்களுக்கென்று சீனி முகம்மது ஒரு வழி வைத்திருந்தார். வாசலுக்கு வந்து, தெரு முனையில் பச்சைக் கொடி பறக்கிற தர்காவைக் கையால் காட்டுவார்.

"நான் ஒண்ணும் சொல்லலை. அதோ ஆண்டவர் இருக்காரு. படியில ஏறி, விளக்கைத் தொட்டு, உன் புள்ள தலையில கை வச்சு, இந்தப் பணம் எனக்குச் சேரணும்னு ஒரு சத்தியம் பண்ணு. அடுத்த நிமிஷம் கையில பணம்."

அவர் தன் பேரில் சத்தியம் செய்வதாக ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் அதிலுள்ள நுணுக்கம். வந்தவர்கள் பொய்யர்களாக இருந்திருந்தால் பலபேர் துணிந்து படியேறியிருப்பார்கள். மெய் சொன்னவர்கள்தான் பின்வாங்கினார்கள். நாலு காசுக்காக ஆண்டவர் வாசலில் பிள்ளையைப் பணயம் வைப்பதா, உண்மையே ஆனாலும் காசுக்குச் சத்தியம் செய்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு பயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே வச்சுக்குங்க" என்று போய்விடுவார்கள். பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட அந்தப் படியேறவில்லை.

நல்லம்மாள் வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து நீராவிப் படகேறி, நாலு வயசு மகள் புஷ்பவள்ளியை இடுப்பில் சுமந்துகொண்டு வந்திருந்தாள். சீனி முகம்மது அவளைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சுச் சளி முற்றிய புருஷன் சின்னையாவை ஊருக்கு அனுப்ப இதே விடுதியில் தங்கியவள். புருஷனுக்கு நல்ல இடம் வேண்டும் என்று முந்தானை முடிச்சிலிருந்து ஐந்து வெள்ளியை எடுத்து, இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தவள்.

"உக்காரு தங்கச்சி. தே குடி."

அவள் உட்காரவில்லை. தேநீரையும் தொடவில்லை. அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"இத நீங்களே படிங்க நானா. தோட்டத்துல கங்காணி படிச்சுக் காட்டினாரு. நீங்களும் படிச்சுட்டுச் சொல்லுங்க."

சின்னையா யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தான். பாய் விரித்திருந்த இடத்தில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. விடுதி ஆள் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போகச் சொன்னான். கக்கூஸ் பக்கத்தில் இரும்புத் தரையில் ஆறு நாளும் கிடந்தேன். மூன்று நாள் மழை. நாகப்பட்டினத்தில் இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். இப்போது எழுந்து நடக்க முடியவில்லை. அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கு, மருந்துக்கு ஆகும். இவ்வளவுதான் கடிதம்.

எல்லாம் உண்மை. கப்பல் நாளன்று காலையில் ஜவுளிக்கார வீட்டு ஹபீபா பீவி, மூன்று பெண்பிள்ளைகளோடு வந்து நல்ல இடம் வேண்டும் என்றாள். நாலு பேருக்கு நாலு பாய். கையில் இருந்ததில் ஒன்று குறைந்தது, அந்த ஒரு பாய்க்கு மட்டும் பத்து வெள்ளி தருவதாகச் சொன்னாள். எந்தப் பாயை எடுப்பது என்று பஷீர் கேட்டபோது, "அந்த இருமல்காரன் பாயை எடு. அவனுக்கு எங்க படுத்தாலும் இருமல்தான்" என்று சொன்னவர் சீனி முகம்மதுதான். மேலே வந்த ஐந்து வெள்ளியில் இரண்டு பஷீருக்குப் போயிற்று, மூன்று இவர் பைக்குப் போயிற்று.

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது சீனி முகம்மதுக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்டால், ஆகவில்லை. எழுதியவனுடைய கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தார். கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். சீட்டு நகலை எடுத்தார்.

"மூணு ராத்திரி படுத்தீங்க, சரிதானே?"

"படுத்தோம்."

"சோறு சாப்பிட்டீங்க."

"அதுக்குக் காசு கொடுத்தாச்சு. அத நான் கேக்கலையே. பாய் இடம் தரலை, அதுக்கு வாங்கின அஞ்சு வெள்ளியத்தான் கேக்கறேன்."

"உன் புருஷன் ஊரு போயிச் சேர்ந்துட்டாருல்ல?"

"செத்த பொணங்கூடப் போயிச் சேரும் நானா. தூக்கிக்கிட்டுப் போனா."

சீனி முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். பெண்பிள்ளை கெட்டிக்காரி. ஆமாம் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். தோட்டத்துப் பெண்ணிடம் இப்படி மாட்டிக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் எதிர்க்கடை ஆட்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"சரி, ஒண்ணு கேக்கறேன். கப்பல்ல அவருக்கு எடம் இல்லாததை நீ கண்ணால கண்டியா?"

"நான் கரையிலதானே நின்னேன். அவரு எழுதியிருக்காரு."

"அப்ப அவரு சொன்னதத்தான் நீ சொல்றே. சீக்காளி ஆளு. மருந்துக்குக் காசு வேணும். மனுஷன் நாலும் எழுதுவான்லா."

"அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் நல்லம்மாள். குரல் உயரவில்லை. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

சீனி முகம்மது எழுந்து அவளை வாசலுக்குக் கூட்டிவந்து தர்காவைக் காட்டினார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். எதிர்க்கடைக்காரர்கள் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னார். சொல்லிவிட்டு, அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காகக் காத்திருந்தார்.

நல்லம்மாள் இடுப்புப் பிள்ளையை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தாள். சீனி முகம்மது செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் போவதற்குள் அவள் படியேறிவிட்டாள். ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்து, விளக்கைத் தொட்டு, புஷ்பவள்ளியின் தலையில் கை வைத்தாள்.

"என் புருஷனுக்கு எடம் கொடுக்கலை. அந்தப் பணம் எனக்குச் சேரணும். இது பொய்யா இருந்தா இந்தப் புள்ள எனக்கு இல்ல."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. சீனி முகம்மது மேசைக்குத் திரும்பி ஐந்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். பணப்பெட்டியை ஆத்திரத்தோடு அறைந்து மூடினார். அவள் பணத்தை முடிந்துகொண்டு, "நல்லா இருங்க நானா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாழ்த்து அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஐந்து வெள்ளி பெரிய பணம் இல்லை. ஆனால் எதிர்க்கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதை அவர் கண்டார். நாளைக்குத் தோட்டம் தோட்டமாகச் செய்தி போகும். ராவுத்தர் விடுதியில் சத்தியம் பண்ணினால் பணம் கிடைக்கும் என்று வரிசையில் வந்து நிற்பார்கள். பதினோரு வருஷம் கட்டிக் காத்ததை ஒரு பால்வெட்டுக்காரி ஒரே காலையில் உடைத்துப் போட்டுவிட்டாள்.

"அண்ணே, அந்தப் பொம்பள சொன்னது நெசந்தானே" என்றான் பஷீர். மழை விட்டிருந்தது, பாய்களை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"பொய்னு நான் எங்கடா சொன்னேன்?" என்றார் சீனி முகம்மது.

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் தர்காவைப் பார்த்துத் தயங்கிவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் மூன்றாவது ஆள் படி வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினான். சீனி முகம்மது அந்த இரண்டு வாரமும் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றாம் வாரம் நல்லம்மாள் மறுபடி வந்தாள். தனியாக வந்தாள். தலை சீவவில்லை, சேலையில் பால் கறை. உள்ளே வந்ததும் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை அவிழ்த்தாள். ஐந்து வெள்ளி. அதே ஐந்து நாணயமாகக்கூட இருக்கலாம்.

"இத எடுத்துக்குங்க நானா."

"என்னம்மா இது?"

"புள்ளைக்கு ஒம்பது நாளா காய்ச்சல். கண்ணு மேல சொருகுது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரு கொயினா மருந்து கொடுக்கறாரு, எறங்கலை. நான் பண்ணின சத்தியந்தான் புடிச்சிருச்சு. கண்ணால காங்காததுக்கு நான் சத்தியம் பண்ணிட்டேன். நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கலை."

சுவரோரம் பாய் சுருட்டிக்கொண்டிருந்த பஷீரின் கை நின்றது.

சீனி முகம்மது அவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. மழைக்காலம், தோட்டத்தில் கொசு, வீட்டுக்கு வீடு காய்ச்சல். நீ சொன்னது மெய்தான், உன் புருஷன் பொய்யன் இல்லை, இடத்தை விற்றவன் நான், ஆண்டவர் தண்டிக்க நினைத்தால் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும், நீ போய்ப் பிள்ளையைப் பார் என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வார்த்தைகள் அவர் வாயில் இருக்கவே செய்தன. பொல்லாதவனுக்கும் அப்படி ஒரு நிமிஷம் வாய்க்கத்தான் செய்கிறது. அந்த நிமிஷத்தில் அவர் என்ன செய்தார் என்றால், வாசல் பக்கம் திரும்பி எதிர்க்கடையில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்தார். இருந்தார்கள்.

"அண்ணே..." என்று பஷீர் வாயெடுத்தான்.

"நீ போயி தே வாங்கிட்டு வா."

பஷீர் நின்றான். உனக்கும் இரண்டு வெள்ளி பங்கு வந்ததே என்று சீனி முகம்மது சொல்லவில்லை, பார்வையால் நினைவுபடுத்தினார். பஷீர் தேநீர் வாங்கப் போனான்.

"தங்கச்சி, பணத்த நான் சும்மா வாங்க முடியாது" என்றார் சீனி முகம்மது, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு. "கொடுத்ததுக்குக் கணக்கு இருக்கு. திருப்பி வாங்கினதுக்கும் எழுத்து வேணும். இல்லன்னா சத்தியம் உன்மேலதானே நிக்கும்?"

"எழுதுங்க நானா. என்ன வேணாலும் எழுதுங்க. சீக்கிரம் எழுதுங்க, ரெண்டு மணிப் படகுக்குப் போகணும்."

அவர் நல்ல தாளாக எடுத்தார். கெட்டி மையில், வட்ட வட்டமான எழுத்தில் எழுதினார். சுங்கை பாக்காப் தோட்டம் சின்னையா மனைவி நல்லம்மாளாகிய நான், எனக்குச் சேராத பணத்தைக் கேட்டு ஆண்டவர் வாசலில் சத்தியம் செய்து வாங்கியது தப்பு. என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் தப்பை உணர்ந்து, ஐந்து வெள்ளியையும் என் மனசாரத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விடுதிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினார். அந்த விஷயத்தில் அவர் ஒழுங்கு. ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டிவிட்டுத்தான் யாரிடமும் கைநாட்டு வாங்குவார்.

நல்லம்மாள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். பிறகு மேசைக்கு அடியில் கைநீட்டி அவர் காலைத் தொடப் போனாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பஷீர் தேநீரோடு வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். தேநீரைச் சீனி முகம்மதே குடித்தார்.

மறுநாள் அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மேசைக்கு நேர் எதிரே, வந்து உட்காருகிறவன் கண்ணில் படும்படி மாட்டினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு வாசல் வரைக்கும் ஒருவரையும் கூட்டிப்போய்த் தர்காவைக் காட்ட வேண்டிய வேலையே இருக்கவில்லை. சட்டத்தைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

காய்ச்சல்கள் வரும், போகும். சில பிள்ளைகளைக் கொண்டுபோகும், சில பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும். புஷ்பவள்ளியை விட்டுவிட்டது. பணம் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டாளாம்.

இதைச் சொல்ல நல்லம்மாளே வந்தாள். அடுத்த கப்பலுக்கு முந்தின நாள் அது. மெலிந்துபோன பிள்ளை இடுப்பில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, சட்டத்துக்குள் இருந்த தன் கைநாட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீங்க அன்னிக்குப் பணத்த வாங்கிக்கிட்டதாலதான் எம்புள்ள பொழச்சுது. வேற ஒருத்தரா இருந்தா, போடின்னு வெரட்டியிருப்பாங்க. தோட்டத்து லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ராவுத்தர் விடுதியில ஏமாத்து இல்ல, நம்மாளுங்கதான் பொய் சொல்றதுன்னு."

அப்போதுகூட நேரம் இருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது, பணம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது, இனிமேல் உண்மையைச் சொல்வதால் யாருக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை. சீனி முகம்மது ஒரு பழத்தை உரித்தார். நல்ல பழம்.

"ஒரு காயிதம் எழுதணும் நானா. உங்க கையால எழுதினா நல்லா இருக்கும்."

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

சீனி முகம்மது கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். விடுதியில் கடிதம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. தபால் தலை சேர்த்து இருபது காசு. அவள் காசை முதலிலேயே மேசைமேல் வைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், அவர் எழுதினார்.

"ஒங்க பேச்ச நம்பிச் சத்தியம் பண்ணினேன். நீங்க பொய் எழுதுவீங்கன்னு நான் நெனைக்கலை. அஞ்சு வெள்ளிக்காக எம்புள்ள சாவக் கெடந்துச்சு. நல்ல மனுசங்க மேல பழி போட்டீங்க. நான் கும்பிட்டுக் கேட்டேன், அவங்க பணத்த வாங்கிக்கிட்டாங்க, புள்ள பொழச்சுது. இனிமே எனக்குக் காயிதம் போடாதீங்க."

சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். ஓசையில்லாமல் அழுதாள். பஷீர் பின்கட்டுக்கு எழுந்து போனான். சீனி முகம்மது பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"போடாதீங்கன்னு எழுதிட்டேன். வேற?"

"அத அடிச்சிருங்க" என்றாள். "இல்ல, அடிக்காதீங்க. இருக்கட்டும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மழையில கெடந்தேன், நடக்க முடியலைன்னு எழுதினாரே. அதாவது நெசமா இருக்குமா நானா?"

பதினோரு வருஷத்தில் அவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்விக்குச் சீட்டின் நகலில் பதில் இல்லை.

"சீக்காளி ஆளு" என்றார் சீனி முகம்மது. "கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பாரு."

நல்லம்மாள் தலையாட்டினாள். எழுதியதை அவர் ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினார். அவள் கைநாட்டு வைத்தாள். உறையின்மேல் சின்னையாவின் ஊரையும் பேரையும் தெளிவாக எழுதி, ஓரத்தைப் பசை தடவி ஒட்டினார்.

மறுநாள் காலையில் பஷீர் பாய்க்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, கடிதத்தையும் அவன் கையில் கொடுத்தார். துறைமுகத்துத் தபால் பெட்டியில் போட்டால் அதே கப்பலில் போய்விடும். பஷீர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும்.

"போட்டுரணுமா அண்ணே?"

"காசு வாங்கியாச்சுலா" என்றார் சீனி முகம்மது. "வாங்கின காசுக்கு வேலை செய்யணும்."

பஷீர் போட்டான். பிறகு சம்பானில் ஏறிப்போய், நடுக்கப்பலில் கூடாரத் துணிக்குக் கீழே சிவப்புக் கரைப் பாய்களை விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுக் காத்திருந்தான். அன்றைக்கு நாலு பாய். பணம் கட்டியிருந்தவர்கள் ஐந்து பேர்.